8 ஜிபி கேட்டால் 6 ஜிபி வந்தது: கடைக்கு என்ன எழுதுவது?

கேள்வி: புதுவயலில் இருக்கிறேன். கண்டாங்கிச் சேலைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு விற்பதுதான் என் பிழைப்பு. தீபாவளி ஆஃபரில் ஒரு பெரிய செல்போன் கடையின் தளத்தில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி என்ற விளம்பரத்தைப் பார்த்து 19,499 ரூபாய்க்குத் தவணையில் போன் வாங்கினேன். காரைக்குடிக் கிளையிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுநாள் பழைய படங்களை ஏற்றும்போதுதான் கவனித்தேன், 128 ஜிபி என்று காட்டியது, அதிலும் 97தான் காலி. அன்றே வாட்ஸ்அப்பில் கடைக்குச் சொன்னேன். "ரேம் 6+6 காட்டுதுல்ல அக்கா, மொத்தம் 12. நீங்க கேட்டதைவிட அதிகம்" என்கிறார் அங்கிருக்கும் தம்பி. பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, பிரிக்கும்போது வீடியோவும் எடுக்கவில்லை, அதனால் திரும்ப எடுக்க முடியாது, வேண்டுமானால் 1,500 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்கிறார்கள். மிச்சத் தவணையைக் கட்டாமல் விட்டுவிடலாமா? வழக்கு என்றால் சென்னையில்தான் என்று பில்லில் அச்சடித்திருக்கிறது. கடைக்கு நான் எழுதிய புகார்க் கடிதத்தையும், பில், பெட்டி, போன் திரை ஆகியவற்றின் படங்களையும் இணைத்திருக்கிறேன். 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு, போலீஸுக்கும் கலெக்டருக்கும் நகல் போட்டிருக்கிறேன். இதை அனுப்பலாமா?

பதில்: சகோதரி, அனுப்ப வேண்டாம். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, சொல்லப்போனால் இந்த மாதிரி விஷயத்தில் இவ்வளவு சுத்தமான ஆதாரத்தோடு வருகிறவர்கள் குறைவு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று பக்கத்தில் அந்த ஆதாரம் எங்கேயும் இல்லை. கோபம் இருக்கிறது, "திருட்டுக் கும்பல்" இருக்கிறது, தப்பான ஒரு கணக்கும் இருக்கிறது. கடையின் வக்கீல் கையில் இது கிடைத்தால் அந்தத் தப்பான கணக்குக்கு மட்டும் நிதானமாக ஒரு பதில் எழுதிவிட்டு மற்றதைத் தொடாமலே போய்விடுவார்.

எது குறைந்தது, எது குறையவில்லை

முதலில் அந்த 97. "128 என்று சொல்லி அதிலும் 31 ஜிபியைத் திருடிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது திருட்டு இல்லை. எந்தப் புதுப் போனிலும் ஆண்ட்ராய்டு சிஸ்டமும், கம்பெனி முன்கூட்டியே ஏற்றி அனுப்பும் செயலிகளும் சேர்ந்து இருபது, இருபத்தைந்து ஜிபியைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் கேட்ட 256 ஜிபி போனே வந்திருந்தாலும் 256-உம் காலியாக இருந்திருக்காது. ஆகவே அந்த வரியை அடித்துவிடுங்கள். உங்கள் குறை 256-க்குப் பதில் 128 வந்தது. அவ்வளவுதான், அதுவே போதும்.

அடுத்து ரேம். இதில்தான் அந்தத் தம்பி உங்களைக் குழப்பியிருக்கிறார், அவரே குழம்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நீங்கள் அனுப்பிய திரைப் படத்தில் 'RAM 6.00 GB + 6.00 GB' என்று இருக்கிறதே, அதில் முதல் 6 மட்டும்தான் போனுக்குள் உண்மையாகப் பொருத்தியிருக்கும் ரேம் சிப். கூட்டல் குறிக்குப் பின்னால் வருகிற 6, போனின் சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்குவது. ரேம் நிரம்பும்போது அதிகம் பயன்படாத தரவுகளைத் தூக்கி சேமிப்பிடத்தில் வைத்துக்கொள்ளும் ஒரு ஏற்பாடு. சேமிப்புச் சிப்பின் வேகம் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது என்பதால் இது 12 ஜிபி ரேம் ஆகிவிடாது. அதோடு இந்த வசதி ஓடும்வரை அந்த 6 ஜிபி உங்கள் 128-லிருந்துதான் போகிறது. அதாவது எந்த இடம் போதவில்லை என்று நீங்கள் புகார் சொன்னீர்களோ, அந்த இடத்திலிருந்தே எடுத்து ரேம் என்று காட்டி, உங்களுக்கு லாபம் என்கிறார்கள்! செட்டிங்ஸில் அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். வெறும் 6 என்று காட்டும். அந்தத் திரையையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், "12 காட்டுதே" என்ற பேச்சுக்கு அந்த ஒரு படமே பதில்.

இன்னொன்றையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் போன் பழுதான போன் இல்லை. 6 ஜிபி, 128 ஜிபி வகையாக அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரிலும் 6GB+128GB என்றுதான் இருக்கிறது. எனவே தயாரித்த கம்பெனி மேல் தப்பில்லை. வாரண்டி பற்றிய பேச்சும் இங்கே பொருந்தாது. ஒன்றைச் சொல்லி விற்று வேறொன்றைக் கொடுத்த கடைதான் பொறுப்பு. "சர்வீஸ் சென்டரில் காட்டுங்க அக்கா" என்று அவர்கள் அனுப்பினால் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இல்லாத சிப்பை அங்கே யாரும் பொருத்தித் தரப்போவதில்லை.

கடிதத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது

நீங்கள் அனுப்பிய பில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, பொருளின் பெயருக்குப் பக்கத்தில் 8GB/256GB என்று அச்சாகியிருக்கிறது, அதற்குக் கீழேயே ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணும் இருக்கிறது. இதுதான் உங்கள் வழக்கே. போனில் `*#06#` என்று அழுத்தினால் வரும் எண், பெட்டி ஸ்டிக்கரில் உள்ள எண், பில்லில் உள்ள எண், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பாருங்கள். படங்களில் நான் பார்த்தவரை மூன்றும் ஒன்றுதான். அப்படியென்றால் கடைக்கு இரண்டு வழி அடைபட்டுவிடுகிறது. வழியில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, நீங்களே வேறு போனைக் காட்டுகிறீர்கள் என்றும் சொல்ல முடியாது. அவர்களுடைய பில்லே "இந்த எண்ணுள்ள போன் 8/256" என்கிறது, அதே எண்ணுள்ள பெட்டி 6/128 என்கிறது. பெட்டியைப் பிரிக்கும் வீடியோ எதற்குக் கேட்பார்கள்? உள்ளே வந்தது எது என்பதில் சந்தேகம் வந்தால் தீர்ப்பதற்கு. இங்கே அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. வீடியோ இல்லாவிட்டால் உரிமை போய்விடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவும் இல்லை.

(எண்கள் ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் கதை வேறு. அப்போது எங்கே மாறியது என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழுந்திருக்கும், அந்த வீடியோ இல்லாதது அங்கே உண்மையாகவே வலித்திருக்கும்.)

அதனால் பெட்டியைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் யாராவது பழைய பேப்பர்காரரிடம் தூக்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடையின் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து ஆர்டர் பக்கத்தைப் படமெடுங்கள். விளம்பரப் பக்கம் இன்னும் இருந்தால் அதையும், முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி. அதே தளத்தில் 6/128 வகை 15,999 ரூபாய்க்கு விற்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பக்கத்தை முதலில் எடுங்கள், ஆஃபர் முடிந்தால் விலை மாறிவிடும். 3,500 ரூபாய் வித்தியாசத்துக்கு அவர்கள் 1,500 ரூபாய் கூப்பன் நீட்டுகிறார்கள் என்பது அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும்.

முடிந்தால் காரைக்குடியில் அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு ஒரு நடை போய், போனின் வகை என்ன என்று மட்டும் பார்த்து ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட மூன்றாம் மனிதர் எழுதிய ஒரு வரிக்கு எடை அதிகம்.

அப்புறம் ஒரு விஷயம், இதைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். கடையோடு நீங்கள் பேசிய வாட்ஸ்அப் உரையாடல் இந்தப் புதுப் போனில்தான் இருக்கிறது. போனைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அதுவும் சேர்ந்து போய்விடும். இப்போதே அந்த உரையாடலை 'Export chat' கொடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள், திரைப் படங்களையும் வேறொரு இடத்தில் சேமியுங்கள். போன் வந்த மறுநாளே நீங்கள் புகார் சொன்னதற்கு அதுதான் சாட்சி. தப்பான பொருள் என்று தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் வெகுநாள் வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருட்கள் விற்பனைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் உடனே சொல்லிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் தொடர்ந்து இந்தப் போனிலேயே வியாபாரம் செய்துகொண்டு முழுப் பணத்தையும் கேட்பது உறுத்தும். முடிந்தவரை சீக்கிரம் பழைய போனுக்கு மாறிக்கொண்டு இதைப் பெட்டிக்குள் வையுங்கள்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்

யாருக்கு எழுதுவது என்பதிலேயே பாதிப் பேர் தவறிவிடுகிறார்கள். போர்டில் இருக்கும் கடைப் பெயருக்கு எழுதாதீர்கள். பில்லின் தலைப்பில் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நிறுவனப் பெயர் இருக்கும், அநேகமாக அது போர்டில் உள்ளதிலிருந்து வேறாக இருக்கும். பணம் வாங்கியது அந்த நிறுவனம், அதற்கே எழுத வேண்டும். ஆன்லைனில் விற்பவர்கள் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். அவர் உங்கள் புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அவருக்கு மின்னஞ்சல், அதே கடிதம் பதிவு அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்ட், காரைக்குடிக் கிளைக்கு ஒரு நகல். போஸ்ட் ஆபீஸ் ரசீதையும், போய்ச் சேர்ந்த விவரத்தையும் எடுத்து வையுங்கள்.

உங்கள் மூன்று பக்கத்தை இப்படிச் சுருக்கியிருக்கிறேன். கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்:

*பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், (பில்லில் உள்ள நிறுவனப் பெயர், பதிவு அலுவலக முகவரி). நகல்: கிளை மேலாளர், காரைக்குடி.*

*பொருள்: ஆர்டர் எண் ____, பில் எண் ____, நாள் ____. விளம்பரத்திலும் பில்லிலும் குறிப்பிட்டதைவிடக் குறைந்த திறனுள்ள போன் வழங்கியது குறித்து.*

*ஐயா / அம்மா,*

*மேற்கண்ட ஆர்டரில் உங்கள் தளத்தில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு என்று விளம்பரப்படுத்திய ____ மாடல் போனுக்கு ரூ.19,499 விலை கொடுத்தேன். உங்கள் பில்லிலும் 8GB/256GB என்றே உள்ளது. ____ தேதி எனக்குக் கொடுக்கப்பட்ட போனில் இருப்பது 6 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பு. பெட்டியின் ஸ்டிக்கரிலும் 6GB+128GB என்றே அச்சாகியுள்ளது. பில், பெட்டி, போன் மூன்றிலும் ஐஎம்இஐ எண் ஒன்றே: ____.*

*மறுநாள் ____ தேதியே உங்கள் கிளைக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். 6+6 ஜிபி என்று காட்டுவதால் குறை இல்லை என்று பதில் வந்தது. கூடுதலாகக் காட்டப்படும் 6 ஜிபி சேமிப்பிடத்திலிருந்து எடுக்கப்படுவது, ரேம் அல்ல. 256-க்குப் பதில் 128 ஜிபி வந்ததற்கு இதுவரை பதிலே இல்லை. நீங்கள் தருவதாகச் சொன்ன ரூ.1,500 கூப்பனை நான் ஏற்கவில்லை.*

*விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்பது நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020. எனவே இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், அதே மாடலில் 8 ஜிபி / 256 ஜிபி வகைப் போனை முத்திரை பிரிக்காமல் மாற்றித் தரவும். அது இயலாவிட்டால் முழுத் தொகை ரூ.19,499-ஐயும், தவணைக் கடனுக்கு நான் செலுத்திய வட்டி மற்றும் கட்டணங்களையும் திருப்பித் தந்து, கடன் கணக்கை முடித்து அதற்கான சான்றும் தரவும். இப்போதுள்ள போனை என் வீட்டிலிருந்து உங்கள் செலவில் ஐஎம்இஐ குறிப்பிட்ட ரசீது கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம்.*

*தவறினால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடும் செலவுத் தொகையும் கோரிப் புகார் அளிப்பேன். சட்டப்படி எனக்குள்ள மற்ற உரிமைகளை இக்கடிதத்தால் விட்டுக்கொடுக்கவில்லை.*

*இணைப்பு: பில், ஆர்டர் பக்கம், பெட்டி ஸ்டிக்கர், போன் திரை, வாட்ஸ்அப் உரையாடல், ஜாப் ஷீட் ஆகியவற்றின் நகல்கள்.*

அசல் எதையும் அனுப்பாதீர்கள், நகல் போதும். இதில் 5 லட்சம் இல்லையே என்று பார்க்கிறீர்களா? 19,499 ரூபாய்ப் பொருளுக்கு 5 லட்சம் கேட்டால் அந்தக் கடிதத்தை யாரும் தீவிரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு ஆணையத்தில் கேட்கலாம், கிடைக்கவும் செய்யும், ஆனால் இந்த அளவு விலைக்கு அது பெரும்பாலும் ஆயிரக்கணக்கில்தான் இருக்கும். போலீஸ் நகலும் வேண்டாம். மோசடி என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும், கிடங்கில் ஒரு வகைக்குப் பதில் இன்னொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் இங்கே தோன்றுகிறது. "திருட்டுக் கும்பல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நாலு பேருக்கு நகல் அனுப்பினால் அவதூறு என்று அவர்கள் திருப்பிப் பிடிக்க ஒரு கொம்பைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தவணையை மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தது வேறு நிறுவனம், உங்களுக்கும் கடைக்கும் உள்ள சண்டை அதற்குத் தெரியாது. நிறுத்தினால் அபராத வட்டி ஏறும், சிபில் மதிப்பெண் இறங்கும், நாளைக்குச் சேலைக் கொள்முதலுக்குக் கடன் கேட்டுப் போனால் அங்கே இது வந்து நிற்கும். கட்டிக்கொண்டே வாருங்கள், கட்டியதைக் கடையிடம் கேளுங்கள்.

அவர்கள் என்ன சொல்லலாம்

கடிதம் போனதும் பெரும்பாலும் கிளையிலிருந்து போன் வரும். கூப்பனை 2,500 ஆக்குகிறோம், 3,000 ஆக்குகிறோம் என்பார்கள். உங்களுக்கு இந்தப் போனே போதும் என்று தோன்றினால் விலை வித்தியாசம் 3,500 ரூபாயை ரொக்கமாக, வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டு முடிப்பது தப்பான முடிவு இல்லை. கூப்பன் என்றால் மறுபடி அவர்கள் கடையில்தான் செலவழிக்க வேண்டும், அதில் எனக்கு உடன்பாடில்லை. சேலைப் படங்கள் ஏறிக்கொண்டே இருக்கிற தொழில் உங்களுடையது, 128 எத்தனை மாதத்துக்கு ஓடும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் மாற்றிக் கேட்பதுதான் சரி என்பது என் கருத்து. எதை வாங்கினாலும், "இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்று ஒரு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஓகே போடச் சொல்வார்கள். வர வேண்டியது கைக்கு வராமல் அந்த ஓகேயைப் போடாதீர்கள். அதற்கப்புறம் ஆணையத்துக்குப் போனாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் இருப்பதைக் காட்டுவார்கள். மனசு மாறித் திருப்பிக் கொடுக்க வருகிறவருக்கு அதைச் சொல்லலாம். சொன்ன பொருளையே கொடுக்காத இடத்தில் அது நிற்காது.

கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய வாதம் ஒன்று உண்டு. உங்கள் பில்லில் உங்கள் பெயருக்குப் பதில் சேலை வியாபாரத்தின் பெயர் இருக்கிறது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, "இவர் நுகர்வோரே இல்லை" என்று சொல்லிப் பார்ப்பார்கள். அதே பிரிவின் விளக்கத்திலேயே பதிலும் இருக்கிறது. சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது. வீட்டிலிருந்து நீங்களே படமெடுத்து, நீங்களே பேசி, நீங்களே பார்சல் கட்டி விற்கிறீர்கள், ஆகவே அந்த விளக்கத்துக்குள் வந்துவிடுவீர்கள். கடைக்கு எழுதும் கடிதத்தில் இது தேவையில்லை, ஆணையத்தில் போடும் மனுவில் ஒரு பத்தியாகக் கட்டாயம் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் வைத்திருந்து இந்தப் போனுக்கு உள்ளீட்டு வரி வரவும் எடுத்திருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது வாதம் கொஞ்சம் சிக்கலாகும்.

15 நாளில் பதில் வராவிட்டால்

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, கடையிடம் கேட்டுப் பதில் வாங்கித் தருவார்கள். சின்ன விஷயம் என்று கிளை மட்டத்தில் கிடப்பில் போட்ட பல புகார்கள் தலைமை அலுவலகத்தின் கண்ணில் படுவது இந்த வழியில்தான், செலவும் இல்லை.

அதிலும் நகரவில்லை என்றால் ஆணையம். பில்லில் சென்னை என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019 சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது, கடைக்காரர் பில்லில் ஒரு வரி அச்சடித்து அதை எடுத்துவிட முடியாது. புதுவயல் என்பதால் உங்களுக்குச் சிவகங்கை. (செட்டிநாட்டு ஊர்களில் ராயவரம், அரிமளம் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்குப் புதுக்கோட்டை ஆணையம்.) கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நான் இப்படிச் சொல்வது என் தொழிலுக்கு நல்லதில்லை என்றாலும் உங்கள் மாதிரி ஆதாரம் பில்லிலேயே இருக்கிற வழக்கை நீங்களே நடத்தலாம். வக்கீல் நோட்டீஸும் கட்டாயம் இல்லை, மேலே உள்ள கடிதமே போதும். e-jagriti.gov.in தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் உண்டு.

எதிர்த்தரப்பாக பில்லில் உள்ள நிறுவனத்தையும் காரைக்குடிக் கிளையையும் போடுங்கள். போன் கம்பெனியைச் சேர்த்தால் அவர்கள் ஒரு வக்கீலை வைத்து "எங்கள் பெட்டியில் சரியாகத்தான் எழுதியிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், உங்களுக்கு வாய்தாதான் மிஞ்சும். நோட்டீஸ் கிடைத்த 30 நாளில், மிஞ்சிப்போனால் இன்னொரு 15 நாளில் எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்தாக வேண்டும். ஆய்வகச் சோதனை தேவைப்படாத புகாரை 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடும், ஆனால் ஸ்டிக்கரைப் படித்தாலே தெரிகிற விஷயம் என்பதால் சோதனைக்கு அனுப்பும் தாமதம் உங்களுக்கு இருக்காது. நோட்டீஸ் போன பிறகு சமரசத்துக்கு வருவதும் சகஜம், அந்த நேரத்தில் மாற்றுப் போனோடு உங்கள் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாற்றித் தர ஒப்புக்கொண்டு ஆள் வந்தால், புதுப் பெட்டியின் ஸ்டிக்கரில் 8GB+256GB இருக்கிறதா, புது பில்லில் புது ஐஎம்இஐ ஏறியிருக்கிறதா என்று வாசலிலேயே பாருங்கள், இந்தத் தடவை பிரிப்பதை வீடியோவும் எடுத்துவிடுங்கள். 6/128 போனைத் திருப்பிக் கொடுக்கும் முன் கூகுள் கணக்கையும் வங்கிச் செயலிகளையும் நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். அதை அன்றைக்குத்தான் செய்ய வேண்டும், ஆதாரமெல்லாம் வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று ஒரு தடவை திறந்து பார்த்த பிறகு.